பத்தாயிரம் பெயரில் யாருக்குக் கடிதம்? பலன் வரைபை வாசிக்கும் விதம்

திருகோணமலையில் கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை விற்கிற கடை ஒன்றின் முதலாளி, லாச்சியைத் திறந்து றப்பர் வளையம் போட்ட கூப்பன் கட்டுகளை மேசையில் அடுக்கினார். புதுத் தவணைக்கு முன் தன் வாடிக்கையாளர் பதிவேட்டிலுள்ள 10,000 பேருக்கும் அவர் கடிதம் அனுப்பியிருந்தார். கடிதத்தோடு 300 ரூபா கழிவுக் கூப்பன் ஒன்றும் இருந்தது. திரும்பி வந்த கூப்பன்கள் 500, அதாவது நூற்றுக்கு 5 பேர். “மிச்சம் 9,500 கடிதமும் வீண்தானே, தம்பி?” என்றார்.

முத்திரை 15 ரூபாவாக இருந்த காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 2022 ஆகஸ்டில் சாதாரணக் கடிதத்தின் முத்திரை 50 ரூபாவானது. தாள், அச்சு, உறை, ஒட்டுகிற பிள்ளைக்கான கூலி எல்லாம் சேர்த்து ஒரு கடிதம் 100 ரூபா என்று வைத்துக்கொண்டால், 10,000 கடிதம் பத்து இலட்சம் ரூபா. இனி வருகிற எண்களைக் கணக்கு ஓடுவதற்கு வசதியாக நான் உருட்டியிருக்கிறேன். விடயம் மாறவில்லை.

முதலாளிக்குத் தேவைப்பட்டது, பதிவேட்டில் இருப்பவர்களை ‘வரக்கூடியவர் முதலில், வரமாட்டாதவர் கடைசியில்’ என்று வரிசைப்படுத்துவது. கடைசியாக எப்போது வந்தார், வருடத்தில் எத்தனை தடவை வருகிறார், பிள்ளைகளின் சாமான் வாங்குகிறாரா என்பவற்றைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி கொடுக்கும் மொடல் ஒன்றைச் செய்யலாம். அதை எப்படிச் செய்வது என்பது வேறு கதை. அந்த வரிசை பெயர்களைக் குலுக்கிப்போட்டு எடுப்பதைவிட எவ்வளவு மேல் என்று பார்க்கத்தான் கியூமுலேட்டிவ் கெயின்ஸ் சார்ட் என்ற வரைபு இருக்கிறது. இங்கே அதைப் பலன் வரைபு என்று சொல்கிறேன்.

வரைவது லேசு. பதிவேட்டை எழுமாற்றாக இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மொடலைப் பழக்கி, மற்றப் பாதியில் மட்டும் சோதிக்க வேண்டும். பழகிய பாதியிலேயே சோதித்தால் மொடல் பதிலைப் பாடமாக்கி ஒப்புவிக்கும். சோதனைப் பாதியில் 5,000 பேர், கூப்பனோடு வந்தவர்கள் 250. அந்த 5,000 பேரையும் புள்ளி கூடியவர் மேலே வரும்படி அடுக்கி, 500 பேர் கொண்ட பத்து அடுக்குகளாக வெட்டுகிறோம். பிறகு ஒவ்வொரு அடுக்கிலும் உண்மையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிறோம்.

எங்களுக்குக் கிடைத்தது, மேலிருந்து கீழாக: 75, 50, 35, 25, 18, 15, 12, 9, 7, 4. கூட்டினால் 250.

இதைத் திரட்டிக்கொண்டே போனால் வரைபு வந்துவிடும். கிடையச்சில் கடிதம் அனுப்பிய பங்கு, நிலைக்குத்தச்சில் வரவேண்டிய 250 பேரில் பிடிபட்ட பங்கு. முதல் அடுக்கோடு நிறுத்தினால் 10 சதவீதக் கடிதத்தில் 30 சதவீதத்தினர் பிடிபடுகிறார்கள். 20க்கு 50, 30க்கு 64, 40க்கு 74, 50க்கு 81 என்று கோடு மேலே போய், பிறகு தளர்ந்து, 100க்கு 100இல் முடிகிறது. எக்செல்லில் B நிரலில் புள்ளியையும் C நிரலில் வந்தவருக்கு 1, வராதவருக்கு 0 என்றும் போட்டு, B படி இறங்கு வரிசையில் அடுக்கினால் இரண்டு சூத்திரம் போதும்.

```
D2: =ROWS($C$2:C2)/5000
E2: =SUM($C$2:C2)/SUM($C$2:$C$5001)
```

D கிடையச்சு, E நிலைக்குத்தச்சு. கீழே இழுத்துவிட்டு வரைய வேண்டியதுதான்.

இதே படத்தில் மூலைக்கு மூலை ஒரு நேர்கோடும் இருக்கும். அதுதான் எழுமாற்றுத் தெரிவு. கண்ணை மூடிக்கொண்டு பாதிப் பேரை எடுத்தால், வரக்கூடியவர்களிலும் பாதிப் பேர்தான் கையில் வருவார்கள் என்பதை அது சொல்கிறது. இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. கடைக்காரர்கள் ‘எழுமாற்று’ என்று சொல்லிக்கொண்டு பதிவேட்டின் முதல் பக்கங்களை எடுப்பதுண்டு. அந்தக் கடையின் பதிவேடு பட்டணத்து விலாசங்களில் தொடங்கி, கிண்ணியா, மூதூர், குச்சவெளி என்று போகிறது. மேலிருந்து 2,500ஐ எடுத்தால், நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள்தான் கூடுதலாக வருவார்கள். அதோடு ஒப்பிட்டால் மொடல் பாவம், காரணமில்லாமல் சோர்ந்து தெரியும்.

இனி வாசிப்பு. பலரும் கோடு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்த்து, ‘நல்ல மொடல்’ என்று எழும்பிப் போய்விடுகிறார்கள். கோடு முழுவதும் ஒரே நேரத்தில் உங்களுக்குத் தேவைப்படாது. எத்தனை கடிதம் அனுப்பப் போகிறீர்களோ அந்த ஒரு புள்ளியில்தான் நீங்கள் நிற்கப்போகிறீர்கள். அங்கே நின்று இரண்டு பக்கமாகப் பார்க்கலாம்.

இந்த 5,000 பேரில் பாதிப் பேருக்கு அனுப்புகிறோம் என்று வையுங்கள். மேலே பார்த்தால் கோடு 81இல், நேர்கோடு 50இல். அதே 2,500 கடிதத்துக்கு 125 பேருக்குப் பதிலாக 203 பேர் வருகிறார்கள். மடங்காகச் சொன்னால் 1.6. இந்த மடங்கைத்தான் லிஃப்ட் என்பார்கள். அது முதல் அடுக்கில் 3, இரண்டாவதோடு 2.5, இப்படி இறங்கி, எல்லோருக்கும் அனுப்பும்போது 1க்கு வந்து சேரும். ஆகவே ‘எங்கள் மொடலின் லிஃப்ட் 3’ என்று யாராவது சொன்னால், எந்த ஆழத்தில் என்று கேட்காமல் தலையாட்ட வேண்டாம்.

பக்கவாட்டில் பார்ப்பது முதலாளிமாருக்குப் பிடித்த வாசிப்பு. 203 பேர் கிடைக்க வேண்டும், ஆனால் குலுக்கித்தான் அனுப்புவேன் என்றால் எத்தனை கடிதம் தேவை? நேர்கோட்டில் 81 சதவீதத்துக்குப் போக வேண்டும், 4,060 கடிதம். மொடலோடு 2,500. இடைவெளி 1,560 உறைகள். சதவீதம் சொன்னபோது பேசாமல் இருந்த முதலாளி, இதைக் கேட்டதும் கதிரையை முன்னால் இழுத்தார்.

அடுத்த கேள்வி, எங்கே நிறுத்துவது? இரண்டு கோடுகளுக்கும் இடையிலான இடைவெளி எங்கே அதிகமோ அங்கே நிறுத்து என்று ஒரு பழக்கம் இருக்கிறது. கண்ணுக்கு அழகாக இருந்தாலும் அது பிழையான விதி. எங்கள் வரைபில் இடைவெளி 30 சதவீதத்திலும் 34, 40 சதவீதத்திலும் 34. ஏன் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறது என்று பார்த்தால் விளங்கும். நான்காம் அடுக்கில் 500 பேரில் 25 பேர் வந்தார்கள், அதாவது 5 சதவீதம். மொத்தச் சராசரியும் 5 சதவீதம். அந்த அடுக்கில் மொடலின் கோடும் நேர்கோடும் ஒரே படித்திறனில் ஏறுகின்றன, அதனால் இடைவெளி கூடவுமில்லை, குறையவுமில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு அடுக்கும் சராசரிக்குக் கீழே என்பதால் இடைவெளி சுருங்குகிறது. அப்படியென்றால் உச்ச இடைவெளி சொல்வது ‘இதற்குக் கீழே சராசரியைவிட மோசம்’ என்பதை மட்டும்தான். சராசரியைவிட மோசமான அடுக்கும் இலாபம் தரலாம். காசைப் பற்றி அந்த இடத்துக்கு ஒன்றும் தெரியாது.

காசைக் கொண்டுவருவோம். கூப்பனோடு வரும் ஒரு குடும்பம், கழிவு போக, கடைக்கு 3,000 ரூபா மிச்சம் வைக்கிறது. கடிதம் 100 ரூபா. அப்போது 30 கடிதத்துக்கு ஒருவர் வந்தால் கை கடிக்காது. சதவீதத்தில் 3.3. ஐந்தாம் அடுக்கில் 18 பேர், 3.6 சதவீதம், இலாபம். ஆறாம் அடுக்கில் 15 பேர், 3 சதவீதம், நட்டம். ஆக நிறுத்த வேண்டிய இடம் 50 சதவீதம். 2,500 கடிதத்துக்கு 250,000 ரூபா செலவு, 203 குடும்பத்தால் 609,000 வரவு, மிச்சம் 359,000.

ஆனால் 40இல் நிறுத்தினாலும் மிச்சம் 355,000, 60இல் நிறுத்தினாலும் 354,000. இலாபக் கோட்டின் உச்சி தட்டையானது. ஆறாம் அடுக்கை விடுவதா வேண்டாமா என்று ஒரு கூட்டம் வைத்துப் பேசுவது, அந்தக் கூட்டத்துக்கு வாங்கும் தேத்தண்ணிக் காசுக்குக்கூடப் பெறாது. காசு புரளுகிற இடம் வேறு. எல்லோருக்கும் அனுப்பினால் மிச்சம் 250,000தான். பாதியோடு நின்றால் 109,000 கூடுதல், முழுப் பதிவேட்டுக்கும் 218,000.

இந்த இடத்தில் ஒரு கண்கட்டு நடப்பதுண்டு. எழுமாற்றாகப் பாதிப் பேருக்கு அனுப்பினால் மிச்சம் 125,000, மொடலோடு 359,000. அதனால் 234,000 ரூபா ஆதாயம் என்று மொடல் விற்க வருகிறவர் சொல்வார். கணக்கு சரி, ஒப்பீடு சரியில்லை. மொடல் இல்லாவிட்டால் முதலாளி பாதிப் பேரைக் குலுக்கி எடுத்திருக்க மாட்டார். எல்லோருக்கும்தான் அனுப்பியிருப்பார், போன வருடம் செய்ததும் அதுதான். நேர்கோடு மொடலை அளக்கிற அடிமட்டம். கடையின் மாற்று வழி நேர்கோட்டின் கடைசிப் புள்ளி. ஆகவே மொடலுக்குக் கொடுக்கக்கூடிய விலையை அந்த 109,000ஐ வைத்துத்தான் பேச வேண்டும்.

இவ்வளவும் வரைபு நேர்மையானது என்று நம்பினால்தான். நான் முதலில் வரைந்தது அப்படி இருக்கவில்லை. அதில் முதல் அடுக்கிலேயே 91 சதவீதத்தினர் பிடிபட்டார்கள். கோடு சுவர்போல ஏறி, பிறகு மேசைபோலப் படுத்தது. முதலாளிக்குப் பரம சந்தோசம், “500 கடிதம் போதுமா, தம்பி?” என்றார். எனக்கும் ஒரு பின்னேரம் முழுக்கச் சந்தோசமாகத்தான் இருந்தது. இரவு படுத்தபோதுதான் இடித்தது. கடைக்கு வருவது மழையையும், பிள்ளையின் காய்ச்சலையும், சம்பள நாளையும் பொறுத்தது. அதைப் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொல்ல எந்தப் பதிவேட்டுக்கும் முடியாது.

மறுநாள் நிரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ‘கடைசியாக வாங்கிய திகதி’ என்ற நிரலை எடுத்ததும் சுவர் இடிந்தது. கடிதம் போனது டிசம்பரில், பதிவேட்டை நான் பிரதி எடுத்தது பெப்ரவரியில். கூப்பனோடு வந்தவர்களுக்கெல்லாம் கடைசித் திகதியாக அந்தக் கூப்பன் நாளே பதிவாகியிருந்தது. விடையையே கேள்வித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், பிழை முழுக்க என்னுடையது. கடிதம் தபாலில் போட்ட நாளுக்கு முந்தைய பில்களிலிருந்து அந்தத் திகதியைத் திரும்பக் கணக்கிட்டபோதுதான் மேலே சொன்ன 75, 50, 35 வந்தது.

சுவர் போன்ற கோடு ஒரு அறிகுறி என்றால், நடுங்குகிற கோடு இன்னொன்று. எங்களிடம் வந்தவர்கள் 250 பேர். இந்த அளவில், முதல் அடுக்கில் பிடிபட்ட 30 சதவீதம் என்பதை 24 முதல் 36 வரை என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். அது நேர்கோட்டின் 10இலிருந்து நன்றாகத் தள்ளித்தான் நிற்கிறது. ஆனால் சின்னக் கடை ஒன்றில் மொத்தமே 50 பேர்தான் வந்தார்கள் என்றால், மொடலே இல்லாமல் குலுக்கினாலும் முதல் அடுக்கில் ஒருவரும் வரலாம், ஒன்பது பேரும் வரலாம். ஒன்பது பேர் என்றால் 18 சதவீதம். ‘எழுமாற்றைவிட இரண்டு மடங்கு’ என்று அதைக் கொண்டாடிவிடுவோம்.

நம்பாதவர்கள் செய்து பார்க்கலாம். புள்ளி இருக்கும் நிரலுக்குப் பதிலாக `=RAND()` போட்டு அடுக்கி, அதே வரைபை வரையுங்கள். ஒவ்வொரு முறையும் புதுக் கோடு வரும். இருபது முறை வரைந்தால் நேர்கோட்டைச் சுற்றி ஒரு தும்புக்கயிறு மாதிரித் தடிப்பாகத் தெரியும். உங்கள் மொடலின் கோடு அந்தக் கயிற்றுக்கு வெளியே நின்றால் பேசலாம், உள்ளே இருந்தால் பேச ஒன்றுமில்லை.

இனிச் சொல்லப்போவதை இந்த வரைபில் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் காண முடியாது. அதன் நிலைக்குத்தச்சில் இருப்பவர்கள் ‘கூப்பனோடு வந்தவர்கள்’. ‘கடிதத்தால் வந்தவர்கள்’ அல்ல. முதல் அடுக்கில் இருப்பது யார்? மாதம் தவறாமல் வருகிறவர்கள், மூன்று பிள்ளைகளின் பெற்றோர், கடைக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர்கள். இவர்களில் பலர் கடிதம் வராவிட்டாலும் கொப்பி வாங்க இங்கேதான் வருவார்கள். கடிதம் செய்ததெல்லாம் அவர்கள் கையில் 300 ரூபாக் கழிவைக் கொடுத்தது. நேர்கோடும் இதைக் காட்டாது, ஏனென்றால் அதுவும் கடிதம் அனுப்பியதைக் கடிதம் அனுப்பியதோடுதான் ஒப்பிடுகிறது.

இதற்கு ஒரே வழி, ஒவ்வொரு அடுக்கிலும் எழுமாற்றாக ஐந்தில் ஒருவருக்குக் கடிதம் அனுப்பாமல் விட்டு, இரு தரப்பிலும் எத்தனை பேர் கடைக்கு வந்து வாங்கினார்கள் என்று வாடிக்கையாளர் அட்டை எண்ணை வைத்துப் பார்ப்பது. கூப்பனை எண்ணினால் போதாது, விடப்பட்டவர்களிடம் கூப்பன் இருக்காது. முழுப் பதிவேட்டில் ஒரு அடுக்கு 1,000 பேர். 800 பேருக்குக் கடிதம், 200 பேருக்கு இல்லை.

முதல் அடுக்கில் கடிதம் போன 800 பேரில் 120 பேர், போகாத 200 பேரில் 22 பேர் வந்தார்கள் என்று வையுங்கள். 15 சதவீதமும் 11 சதவீதமும். கடிதம் உண்மையில் கொண்டுவந்தது 4 சதவீதம்தான். கடிதம் ஒன்றுக்கு அது 120 ரூபா வரவு. எப்படியும் வந்திருக்கக்கூடிய அந்த 11 சதவீதத்தினருக்குச் சும்மா கொடுத்த கழிவு, கடிதம் ஒன்றுக்கு 33 ரூபா. மிச்சம் 87. கடிதச் செலவோ 100. வரைபில் மிக உயர்ந்து நின்ற அடுக்கு கடிதத்துக்கு 13 ரூபா நட்டம்.

மூன்றாம் அடுக்கில் அனுப்பியவர்களில் 7 சதவீதம், அனுப்பாதவர்களில் 2 சதவீதம் என்றால், கடிதத்தின் வேலை 5 சதவீதம், வரவு 150 ரூபா, வீண் கழிவு 6 ரூபா. செலவு போக 44 ரூபா மிஞ்சுகிறது. வருடத்துக்கு ஒரு தடவை எட்டிப்பார்க்கிற, ஞாபகப்படுத்தினால் வருகிற ஆட்கள் இந்த அடுக்கில்தான் இருக்கிறார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. 200 பேர் சின்ன எண்ணிக்கை. அந்த 22 என்பது தற்செயலாக 16 ஆகியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்போது முதல் அடுக்கு இலாபத்துக்குத் திரும்பிவிடும். அதனால் ஒரு பருவத்தை வைத்து முதல் அடுக்கைக் கைவிடச் சொல்ல நான் துணியமாட்டேன். இரண்டு மூன்று பருவத்துக்கு அதே விதமாக விட்டுவைத்து, எண்ணிக்கைகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாளிக்கு இது கசந்தது. “என்ரை நல்ல சனத்துக்குக் கடிதம் போடாமல் விடுறதோ? நாளைக்கு வந்து முகத்துக்கு நேரே கேட்கும்” என்றார். அப்படி விட்டுப் பார்த்தபோது அவர் சொன்னது நடந்தது. பக்கத்து வீட்டுக்கு வந்த கூப்பன் தனக்கு ஏன் வரவில்லை என்று ஓர் அம்மா கல்லாவில் நின்றுவிட்டார். கல்லாவில் இருந்த பிள்ளை கழிவைக் கொடுத்துவிட்டு, பிறகு என்னிடம் வந்து, “இவவை இனிக் கடிதம் போன பக்கத்துக்கு மாத்தட்டோ அண்ணை?” என்று கேட்டாள். மாற்றக் கூடாது. கழிவு கேட்டு வந்தவர்களையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளினால், கடிதம் இல்லாமலே வருகிறவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து காணாமல் போய்விடுவார்கள். கடிதம் செய்யாத வேலையும் கடிதத்தின் கணக்கில் ஏறிவிடும். பில்லில் ஒரு சின்ன அடையாளம் மட்டும் போடச் சொன்னேன். அந்த அம்மா கடிதம் போகாத 200 பேரில் ஒருவராகவே இருக்கிறார், வந்து வாங்கியவராக.